24 இல்ல அண்ணாச்சி, 22

பாளையங்கோட்டையில் ஒரு வரி ஆலோசகர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஜூலை மாதம் அம்பாசமுத்திரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு மெயில் போட்டேன். ஏப்ரல்–ஜூன் காலாண்டு ஜிஎஸ்டிக்கு இன்னும் ரொக்கமாகக் கட்ட வேண்டியது 86,400 ரூபாய், கடைசி நாள் ஜூலை 24 என்று. மறுநாள் காலையில் வேறொருவர் கணக்கை முடிக்கும்போதுதான் வயிற்றைக் கலக்கியது. காலாண்டுக்கு ஒருமுறை 3பி என்கிற ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்கிறவர்களுக்கு மாநிலத்தைப் பொறுத்து 22, 24 என்று இரண்டு கடைசித் தேதி உண்டு. தமிழ்நாட்டுக்கு 22. டெல்லியில் பதிவுள்ள ஒருவருக்குப் போட்ட மெயிலைக் காப்பி எடுத்து, பேரையும் தொகையையும் மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் மனசு போன வழியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் தாமதமானால் நாளுக்கு 50 வீதம் தாமதக் கட்டணம் 100 ரூபாய். 86,400-க்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்றால் இரண்டு நாள் வட்டி 85 ரூபாய். மொத்தம் 185. பேசாமல் கையிலிருந்து கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்று தோன்றியது. ஆனால் தாமதமாகத் தாக்கல் ஆனது அவர் பேரில்தான் பதிவாகும். அதோடு அந்தத் தேதியை நம்பி அவர் என்னென்ன ஏற்பாடு செய்துவைத்திருக்கிறாரோ.

ஆபீஸில் மூத்தவரான அக்கா ஒரு வேலை வைத்தார். "மெயில்ல மத்ததையும் பாத்துட்டுப் பேசு. நாளைக்கு இன்னொரு திருத்தம் அனுப்பினா யாரும் நம்ப மாட்டாங்க." கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன், தொகை சரி. அனுப்பிய மெயில்களைத் தேடினால், அதே தவறான தேதி இன்னும் மூன்று பேருக்குப் போயிருந்தது. தேடாமல் விட்டிருந்தால் அந்த மூன்றும் தெரிந்திருக்காது.

அப்புறம் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, நேத்து அனுப்புன மெயில்ல தேதியத் தப்பாப் போட்டுட்டேன். கடைசி நாள் 22. 24 இல்ல. தொகையில மாத்தமில்ல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் சாரல் தகரத்தில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. "கான்ட்ராக்டர் 23-ந்தேதி தாரேன்னு சொல்லியிருக்கானே வே. அத நம்பித்தான இருக்கேன்."

அவர் கோபப்படவில்லை என்பதால் எனக்கு உளறத் தோன்றியது: டெல்லி கதை, வேலைப்பளு என்று. அடக்கிக்கொண்டு, தாமதமானால் ஆகிற 185 ரூபாயைப் பிரித்துச் சொன்னேன். "வேற யாருக்கும் அந்த மெயில அனுப்பினீங்களா?" என்றும் கேட்டேன். தம்பிக்கு அனுப்பியிருந்தார், கடையின் வங்கி வரவு செலவு தம்பி கையில்தான். இதைக் கேட்காமல் விட்டிருந்தால் திருத்தம் அண்ணாச்சியோடு நின்றிருக்கும். பணம் கட்டுகிறவர் கையில் 24-தான் இருந்திருக்கும்.

போனில் சொன்னது காற்றோடு போகும் என்பதால் உடனே எழுதவும் வேண்டும். என் முதல் வரைவில் "தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம்" என்று ஆரம்பித்து, சரியான தேதி ஆறாவது வரியில் வந்தது. அக்கா சிரித்துவிட்டார். மாற்றி எழுதியது இது:

பொருள்: திருத்தம் – ஜிஎஸ்டி கடைசி நாள் ஜூலை 22

"அண்ணாச்சி, காலாண்டு ஜிஎஸ்டி கட்டவும் 3பி தாக்கல் செய்யவும் கடைசி நாள் ஜூலை 22. நேற்று மாலை அனுப்பிய மெயிலில் 24 என்று தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன். வேறு மாநிலத்துக்கான தேதி அது. தவறு என்னுடையது, மன்னிக்கவும். தொகை 86,400-இல் மாற்றமில்லை. 21 மாலைக்குள் பணம் கட்டிவிட்டால் 22 காலை தாக்கல் செய்துவிடுவேன். பார்த்ததும் ஒரு வரி பதில் போடுங்கள்."

பழைய மெயிலுக்கே பதிலாக அனுப்பலாமா என்று யோசித்தேன். ஆனால் பழைய பொருள் வரியோடு போனால் போனில் அடுக்கோடு அடுக்காக மறைந்துவிடும். ஜிமெயிலில் பொருளை மாற்றினால் தனி மெயிலாக மேலே நிற்கும், அதனால் மாற்றினேன். அனுப்பியதைத் திரும்பப் பெறுவது என்பது அதிகபட்சம் 30 விநாடி சங்கதி. மறுநாள் அதற்கு வழியே இல்லை. தம்பியையும் சிசியில் சேர்த்தேன்.

பதில் தம்பியிடமிருந்துதான் வந்தது: "சரி. பேங்க் ஓவர்டிராஃப்ட்ல எடுத்துக் கட்டிருதோம்." 21 மதியமே சலான் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

மற்ற மூன்று பேரில் இருவர் அன்றே பதில் போட்டார்கள். மூன்றாமவர் மெயிலே பார்ப்பதில்லையாம், 24 என்று போட்டதும் அவருக்குத் தெரியாது. அவருக்கு இப்போது போனில்தான் தேதி சொல்கிறேன்.