கார்டுக்குப் போட்ட வரம்பு யு.பி.ஐ.க்குச் செல்லாது

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் படிக்க வந்து விடுதியில் தங்கும் பையன். கைச்செலவுக்கு மாதம் 6,000 ரூபாய். முதல் டெபிட் கார்டு வந்ததும் வீட்டில் எல்லோரும் கார்டு வரம்பைத்தான் முதலில் பார்க்கிறோம். அது சுலபமான பாதி.

வங்கியின் செயலியில் கார்டு பகுதிக்குள் போனால் ஏ.டி.எம்., கடை மெஷின், ஆன்லைன், தட்டிக் கட்டுவது, வெளிநாடு என்று தனித்தனி சுவிட்ச் இருக்கும். புதுக் கார்டில் கடைசி மூன்றும் அணைந்தே வரும், அப்படியே விட்டோம். தட்டிக் கட்டுவதைத் திறந்தால் 5,000 ரூபாய் வரை பின் கேட்காமலே போய்விடும், மாணவனுக்கு அது வேண்டாம். ஏ.டி.எம்.முக்கு நாளுக்கு 1,000, கடைக்கு 1,500. இரண்டும் தனித்தனிக் கணக்கு என்பதால் ஒரே நாளில் 2,500 வரை எடுக்க முடியும்.

இனிதான் சிக்கல். யு.பி.ஐ. பணம் கார்டு வழியாகப் போவதில்லை, நேரே கணக்கிலிருந்து போகிறது. யு.பி.ஐ. பின் எண் அமைக்கும்போது கார்டின் கடைசி ஆறு எண்ணைக் கேட்பதால் இரண்டும் ஒன்று என்று தோன்றும். கார்டை முழுக்க அணைத்தாலும் டீக்கடை க்யூஆரில் பணம் போகும். யு.பி.ஐ.யின் பொதுவான நாள் வரம்பு ஒரு லட்சம். அதைக் குறைக்கும் வசதி சில வங்கிச் செயலிகளில் உண்டு, எங்கள் வங்கியில் இல்லை. அதனால் கணக்கில் இருக்கும் பணத்தையே வரம்பாக்கினோம்: அப்பா கணக்கிலிருந்து திங்கள்தோறும் 1,500 ரூபாய் தானாகப் போகும்படி நிலையான உத்தரவு. கல்லூரிக் கட்டணம் இந்தக் கணக்குக்கே வரக்கூடாது. உதவித்தொகை இதில் விழுமானால் செலவுக்கு வேறு கணக்கு தேவை.

கணக்கே வேண்டாம் என்றால் யு.பி.ஐ. சர்க்கிள் இருக்கிறது. பணம் அப்பா கணக்கில் இருக்கும், பையன் அவன் போனிலிருந்து கட்டுவான். முழு அனுமதியில் மாதம் 15,000-க்குள் நாம் சொல்லும் தொகை. பகுதி அனுமதியில் ஒவ்வொன்றுக்கும் அப்பா பின் போட வேண்டும். கேன்டீன் வரிசையில் நின்றுகொண்டு, வயலில் இருப்பவரின் சம்மதத்துக்குக் காத்திருப்பது நடக்காத காரியம்.

எச்சரிக்கைச் செய்தியிலும் ஒரு முடிச்சு. யு.பி.ஐ. ஓட வேண்டுமானால் கணக்கில் பதிந்த எண்ணின் சிம் பையன் போனிலேயே இருக்க வேண்டும்; ஆகவே எஸ்.எம்.எஸ். அவனுக்குத்தான் வரும். வீட்டுக்கும் தெரிய வேண்டுமென்றால், அவன் சம்மதத்தோடு, கணக்கின் மின்னஞ்சலாக அப்பாவின் முகவரியைக் கொடுத்து மின்னஞ்சல் எச்சரிக்கையை இயக்கலாம்.

அதிலும் தப்பிப்பது யு.பி.ஐ. லைட், அதாவது சிறு செலவுக்குக் கணக்கிலிருந்து முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் வசதி. ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் கேட்காது. பாஸ்புக்கில் லைட்டுக்கு ஏற்றிய தொகை மட்டும் ஒரே வரியாகப் பதியும், டீ, ஜிகர்தண்டா, ஷேர் ஆட்டோ எதுவும் தனியாகத் தெரியாது. 500 போனது எதற்கு என்று கேட்டால் செயலியின் லைட் வரலாற்றில்தான் பார்க்க வேண்டும். தானாக நிரப்பும் வசதி இயங்கினால் வாரப் பணம் சத்தமில்லாமல் கரையும். அதை மட்டும் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.