மேலே ஏழரை மீட்டர், கீழே பதினைந்து: கரட்டுச் சரிவில் எறிந்து பார்த்தது

மூன்று ஞாயிற்றுக்கிழமை வீணான பிறகு நேற்றுதான் கணக்கும் கரடும் ஒத்துப்போயின. இத்தனை நாளும் குண்டை எறியும் குழாயின் ஸ்பிரிங் மேல்தான் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

சமதரையில் 45 டிகிரியில் என் குழாய் எறியும் தூரம் 10 மீட்டர். வேகத்தைத் தனியாக அளக்கவில்லை, இந்த ஒரு தூரமே போதும். அதை L என்று வைத்துக்கொண்டால், சரிவு α உள்ள இடத்தில் சரிவை ஒட்டி அளக்கும் அதிகபட்சத் தூரம் மேல்நோக்கி L/(1 + sin α), கீழ்நோக்கி L/(1 − sin α). எங்கள் கரட்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் கிடையாக ஒரு மீட்டருக்கு 36 செ.மீ. ஏற்றம், அதாவது 20 டிகிரி. மேலே 7.45 மீட்டரும் கீழே 15.2 மீட்டரும் வர வேண்டும். எறிகோணம் கிடையிலிருந்து முறையே 55, 35.

வந்ததோ மேலே 4.8, கீழே 12.5!

தப்பு கோணமானியில். அதைக் குழாயின் அடிப்பலகையில் திருகியிருந்தேன். பலகை சரிவில் படுத்திருக்கிறது. ஆக நான் வைத்த 55 சரிவிலிருந்து 55, கிடையிலிருந்து பார்த்தால் 75. குண்டு வானத்தைப் பார்த்துப் போய்த் திரும்பியது. கீழ்நோக்கி வைத்த 35 உண்மையில் வெறும் 15. சமதரையில் பலகையும் கிடையும் ஒன்றாக இருந்ததால் அங்கே இந்தப் பிழை தலைகாட்டவே இல்லை.

இப்போது கோணமானியைக் குழாயிலேயே ஒட்டி, மையத்தில் ஒரு தூக்குக்குண்டு கட்டிவிட்டேன். நூல் பலகையைப் பற்றிக் கவலைப்படாது. காற்றில் ஆடுவதுதான் தொல்லை. தூக்குக்குண்டை எண்ணெய் டப்பாவுக்குள் தொங்கவிட்டதும் அடங்கியது. நூல் இருந்ததால் இன்னொரு வசதியும் கிடைத்தது: சிறந்த எறிகோணம் எப்போதும் மேல்நோக்கி நீட்டிய நூல்கோட்டுக்கும் சரிவுக்கும் நடுவில் சரிபாதியில் விழும், மேலே எறிந்தாலும் கீழே எறிந்தாலும்.

நேற்று மேலே 7.3, 7.5, 7.4. கீழே 14.6 முதல் 15.1 வரை. கீழே குண்டு சரிவை 35 டிகிரியில்தான் தொடுகிறது, அதனால் விழும் இடத்தில் தூவிய கோலமாவில் தடம் இழுபட்டு முதல் தொடுபுள்ளி குழம்புகிறது. மேலே 55 டிகிரியில் குத்துவதால் தடம் சுத்தம்.

கண்ணாடிக் கோலி வேண்டாம், காற்றே அதைப் பிடித்துக்கொள்கிறது. பழைய இரும்புக் கடையில் உடைந்த பேரிங் ஒன்று வாங்கினால் ஒரு அங்குலக் குண்டுகள் நிறையக் கிடைக்கும். குழாயின் வாய் தரை மட்டத்தில் இருக்கும்படி சிறு குழி வெட்டுவதும் அவசியம், இல்லாவிட்டால் கால் மீட்டர் இனாமாக வரும்.

அடுத்து கரட்டின் வடக்குப் பக்கம். அங்கே 30 டிகிரி இருக்கும் போலத் தெரிகிறது. இருந்தால் கீழ்த்தூரம் மேல்தூரத்தைப் போல மூன்று மடங்கு வர வேண்டும். ஆனால் 20 மீட்டருக்கு ஒரே சீரான சரிவு அங்கே இருக்கிறதா என்று முதலில் கயிறு பிடித்துப் பார்க்க வேண்டும்.