ஆதாரில் இருந்த முகவரியும் ஆள் இருந்த முகவரியும்

கிடைத்த மணிபர்ஸில் ஆதார் அட்டை இருந்தால் வேலை சுலபம் என்று நினைப்பவர்கள், கொருக்குப்பேட்டைத் தெருக்களில் ஒரு கதவு எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். அந்த அலைச்சலின் எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

பர்ஸ் கிடந்தது தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தம் ஒன்றின் அருகே. பக்கத்து டீக்கடைக்காரரைச் சாட்சியாக வைத்துக்கொண்டுதான் திறந்தேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவுப்படி, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைப்பவருக்கு, அடைக்கலமாகப் பொருளைப் பெற்றவருக்குரிய அதே பொறுப்பு உண்டு. ஆகவே பிற்பாடு பணம் குறைகிறது என்று யாரும் சொல்லிவிட இடம் தரக்கூடாது. பணத்தை எண்ணி, உள்ளே இருந்தவற்றை ஒரு தாளில் எழுதி, அவரிடமும் கையெழுத்து வாங்கினேன். அட்டைகளைப் படம் எடுக்கவில்லை. "நம்ம ஏரியா வாட்ஸ்அப் குரூப்ல போட்ருங்க" என்றார் அவர். ஆதார் எண்ணும் பிறந்த தேதியும் முகமும் ஒரே படத்தில் ஊர் சுற்றுவதைவிடப் பர்ஸ் தொலைந்தே போயிருக்கலாம்.

காவல் நிலையத்தில், அட்டையிலுள்ள முகவரி எங்கள் எல்லையில் வராது என்றார்கள். முகவரி இருந்த எல்லையிலோ, பொருள் கிடைத்த இடத்தில் கொடுங்கள் என்றார்கள். இதற்குமேல் அதைப் பற்றி எழுதினால் கோபம்தான் வரும். உங்களிடம் வாங்கிக்கொள்ளும் நிலையம் அமைந்தால், ஒப்புகை இல்லாமல் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

உள்ளே இருந்தவற்றில் பான் அட்டையிலும் வங்கி அட்டையிலும் முகவரி இருக்காது. ஆதாரின் பின்புறத்தில் கொருக்குப்பேட்டையில் ஒரு தெருவும் '27' என்ற எண்ணும் மட்டும் இருந்தன. சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. இது எந்த 27 என்று அட்டை சொல்லவில்லை. புதிய எண் 27-இல் கதவைத் திறந்தவர், அட்டையிலிருந்த பெயரை நான் சொன்ன மாத்திரத்தில், "எங்க வீட்டுக்காரரோடதுதான், குடுங்க" என்று கை நீட்டினார். நிறம் என்ன, எங்கே தொலைந்தது என்று கேட்டேன். பதில் வரவில்லை, கதவு சாத்தப்பட்டது. அன்றிலிருந்து என் விதி இதுதான்: வாசலில் பெயரைக் கேட்கலாம், பர்ஸ் கிடைத்தது என்பதை உரியவரைத் தவிர யாரிடமும் சொல்லக்கூடாது. பர்ஸையும் முதல் முறை கையில் எடுத்துச் செல்லக்கூடாது.

பழைய எண் 27 அதே தெருவின் மறுகோடியில் இருந்தது. அவர்கள் காலி செய்து வெகுநாளாகிறது என்றார் வீட்டுக்காரம்மா. எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. வாடகை வீடு மாறுகிறவர்கள் ஆதாரில் முகவரியை உடனே மாற்றுவதில்லை என்பதால், அட்டையில் இருப்பது பெரும்பாலும் ஒருவர் முன்பு இருந்த இடம். இப்போது இருக்கும் இடத்தை அறிய, பர்ஸில் உள்ள மிகப் புதிய காகிதத்தைத் தேட வேண்டும். எனக்கு உதவியது மடித்துச் செருகியிருந்த ஒரு தையல் கடை ரசீது. அந்த மாதத் தேதியும் காலடிப்பேட்டைக் கடையின் தொலைபேசி எண்ணும் அதில் இருந்தன.

தையல்காரரிடம் வாடிக்கையாளரின் எண்ணை நான் கேட்கவில்லை. என் எண்ணைக் கொடுத்து, அவரையே அழைத்துச் சொல்லச் சொன்னேன். உரியவரோ, "உங்க பர்ஸ் கிடைச்சிருக்கு" என்ற பேச்சைக் கேட்டதும் மோசடி என்று எண்ணி இணைப்பைத் துண்டித்துவிட்டாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த வார்த்தையில் தொடங்கி ஓடிபி கேட்பவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். தையல்காரர் மறுபடி அழைத்து, தைக்கக் கொடுத்த சட்டையின் துணியைச் சொன்ன பிறகே நம்பினார்.

அவர் என்னை அழைத்தபோது நான் எதையும் வாசித்துக் காட்டாமல் அவரையே சொல்ல வைத்தேன். பிறந்த ஆண்டு, எந்த வங்கியின் அட்டை, உள்ளறையில் இருந்த சாமி படம் என எல்லாம் தாளில் இருந்தபடியே வந்தன. பணத்தில் மட்டும் நூறு ரூபாய் கூடச் சொன்னார், அது இயல்பு. பகல் நேரத்தில், அதே தையல் கடையில் சந்தித்து, முகத்தைப் படத்தோடு ஒப்பிட்டு, தையல்காரர் முன்னிலையில் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். ஆதார் படத்தில் மீசை இல்லை, நேரில் இருந்தது. காதோரத் தழும்பு பொருந்தியது.

வங்கி அட்டையை அவர் ஏற்கெனவே முடக்கியிருந்தார். பர்ஸ் திரும்பிவிட்டது என்பதற்காக அதை மறுபடி இயக்கக் கேட்காமல், புதிய அட்டையே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பட்டியல் தாளின் அடியில் 'அனைத்தும் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தேதியுடன் கையெழுத்திட்டுத் தந்தார். அந்தத் தாளின் ஒரு நகலைத் தண்டையார்பேட்டை டீக்கடைக்காரரிடமும் கொடுத்துவிட்டேன்.