டோக்கனுக்கு 128 கேபி: நீண்ட உரையாடலில் நினைவகம் போன இடம்

எங்கள் அலுவலகத்தில் டெண்டர் ஆவணங்களைப் படித்துக் கேள்வி கேட்பதற்கு ஒரு மொழி மாடலைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டுகிறோம். ஆவணம் வெளியே போகக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. Llama 3.1 8B மாடல், 24 ஜிபி நினைவகம் உள்ள ஒரு ஜிபியு, transformers நூலகத்தை வைத்து நான் எழுதிய ஒரு பைத்தான் நிரல். அவ்வளவுதான்.

காலையில் எல்லாம் நன்றாக ஓடும். மதியம் மூன்று மணி வாக்கில், யாராவது ஒருவர் பாதிப் பதிலைப் படித்துக்கொண்டிருக்கும்போது இப்படி நின்றுவிடும்:

```
torch.OutOfMemoryError: CUDA out of memory. Tried to allocate 60.00 MiB.
```

24 ஜிபி இருக்கிற இடத்தில் வெறும் 60 எம்பி கேட்டுக் கிடைக்கவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. நிரலில் எங்கோ நினைவகக் கசிவு இருக்கிறது என்று முடிவு செய்து இரண்டு நாள் தேடினேன். `torch.cuda.empty_cache()` போட்டுப் பார்த்தேன், `gc.collect()` போட்டுப் பார்த்தேன். ஒரு பயனும் இல்லை. நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டினால் மட்டும் சரியாகிவிடும். அதனால் கசிவுதான் என்ற என் சந்தேகம் இன்னும் வலுத்தது.

மூன்றாம் நாள் தேடுவதை விட்டுவிட்டு அளக்க ஆரம்பித்தேன். மாடல் ஏறி முடிந்தவுடன் இருக்கும் அளவை `base` என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் இதை அச்சிட்டேன்:

```python
n = cache.get_seq_length()
mb = torch.cuda.memory_allocated() / 2**20
print(n, round(mb - base))
```

முதல் எண், இதுவரை பேசிய மொத்த டோக்கன்கள், அதாவது மாடல் உரையை உடைத்துப் படிக்கும் துண்டுகள். இரண்டாவது, மாடலுக்கு மேல் கூடுதலாகப் பிடித்த எம்பி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் கசிவு என்ற எண்ணமே போய்விட்டது. கசிவு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஆயிரம் டோக்கன் கூடினால் ஏறத்தாழ 125 எம்பி கூடியது. அடுத்த ஆயிரத்துக்கும் ஏறத்தாழ அதே அளவு. நினைவகத்தைத் துண்டு துண்டாக ஒதுக்குவதால் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது, ஆனால் கோடு நேராகவே போனது.

அந்த 125 எம்பி எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, மாடல் ஒரு வாக்கியத்தை எப்படிப் படிக்கிறது என்று பார்க்க வேண்டும். 'செல்வி தேங்காய் வாங்கினாள், அதை உடைத்தாள்' என்று எழுதுகிறோம். 'அதை' என்ற இடத்துக்கு வரும்போது மாடல் பின்னால் திரும்பிப் பார்த்து, அது தேங்காயைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்காக மாடலின் அடுக்குகளான லேயர்கள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு டோக்கனுக்கும் மூன்று எண்வரிசைகள் கணக்கிடப்படுகின்றன. குவெரி என்பது 'நான் எதைத் தேடுகிறேன்' என்று கேட்பது. கீ என்பது 'என்னிடம் இன்னது இருக்கிறது' என்று அடையாளம் காட்டுவது. வேல்யூ என்பது, பொருத்தம் இருந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டிய சரக்கு. 'அதை' என்பதன் குவெரி, முன்னால் வந்த எல்லா டோக்கன்களின் கீயோடும் ஒப்பிடப்படும். எது எவ்வளவு பொருந்துகிறதோ அந்த அளவுக்கு அதன் வேல்யூ கலந்து வரும்.

இதில் முக்கியமான விஷயம், இந்த வகை மாடலில் ஒரு டோக்கன் தனக்கு முன்னால் உள்ளதைத்தான் பார்க்கும், பின்னால் வருவதைப் பார்க்காது. அதனால் 'தேங்காய்' என்பதற்கு ஒருமுறை கணக்கிட்ட கீயும் வேல்யூவும் பிறகு எத்தனை பக்கம் எழுதினாலும் மாறாது. மாறாத ஒன்றை ஒவ்வொரு தடவையும் திரும்பக் கணக்கிடுவது வீண் வேலை. எடுத்து வைத்துக்கொண்டால் போதும். அந்தச் சேமிப்புதான் கேவி கேஷ். பழைய டோக்கன்களின் குவெரியைச் சேமிப்பதில்லை. தேடுவது எப்போதும் புதிதாக வரும் டோக்கன்தான், பழையவற்றின் தேடல் அப்போதே முடிந்துவிட்டது.

சரி, சேமிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். `use_cache=False` என்று கொடுத்து ஓட்டினால் நினைவகம் சேர்ந்துகொண்டே போவது நின்றது. ஆனால் ஒவ்வொரு புதிய டோக்கனுக்கும் முழு ஆவணத்தையும் முதலிலிருந்து படிக்கிறது. நீண்ட ஆவணத்தை ஏற்றிக் கேள்வி கேட்டபோது சொட்டுச் சொட்டாகத்தான் பதில் வந்தது. யாரும் அதை வைத்து வேலை பார்க்க முடியாது.

அடுத்து, அளந்த எண்ணைக் கணக்கோடு ஒத்துப்பார்க்க உட்கார்ந்தேன். மாடலோடு வரும் `config.json` கோப்பில் தேவையான எல்லாம் இருக்கிறது. ஒரு லேயருக்குள் இந்தத் தேடல் பல பிரிவுகளாக ஒரே நேரத்தில் நடக்கிறது, ஒவ்வொரு பிரிவும் ஒரு ஹெட். 32 லேயர், 32 ஹெட், ஒவ்வொரு ஹெட்டுக்கும் 128 எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் 2 பைட். கீ ஒன்று, வேல்யூ ஒன்று என்பதால் மொத்தத்தை இரண்டால் பெருக்க வேண்டும். பெருக்கினேன், டோக்கனுக்கு 512 கேபி வந்தது. நான் அளந்ததோ 128. சரியாக நான்கு மடங்கு வித்தியாசம்.

கோப்பை வரி வரியாகத் திரும்பப் படித்தபோதுதான் `num_key_value_heads` என்ற வரி கண்ணில் பட்டது. அதன் மதிப்பு 8. இந்த மாடலில் குவெரிக்குத்தான் 32 ஹெட். கீயும் வேல்யூவும் எட்டு எட்டுதான், நான்கு குவெரி ஹெட்டுகள் சேர்ந்து ஒரு கீ-வேல்யூ ஜோடியைப் பகிர்ந்துகொள்கின்றன. கேஷ் சிறியதாக இருக்க வேண்டும் என்றே செய்த ஏற்பாடு இது. முந்தைய தலைமுறையின் Llama 2 7B-யில் இது கிடையாது, அங்கே எல்லாமே 32. நான் முதலில் போட்ட 512 கேபி கணக்கு அதற்குத்தான் சரி. இப்போது:

```
2 × 32 × 8 × 128 × 2 = 131072
```

131072 பைட் என்றால் 128 கேபி. ஆயிரம் டோக்கனுக்கு 125 எம்பி. அளந்ததும் கணக்கும் ஒத்துப்போனது.

அந்த 60 எம்பி புதிரும் இதிலேயே விடுபட்டது. ஒரே ஒரு லேயரின் கீ மட்டும் டோக்கனுக்கு 2 கேபி. 30,000 டோக்கனுக்கு 58.6 எம்பி, ஒதுக்கும்போது 60 ஆகிவிடும். நான் பயன்படுத்திய கேஷ் ஒவ்வொரு புதிய டோக்கனுக்கும் பழைய வரிசையோடு புதியதை ஒட்டி, புது வரிசையாக எழுதுகிறது. அப்படி எழுத இடம் கேட்ட நேரத்தில்தான் நின்றிருக்கிறது. அதாவது அந்தப் பிழைச் செய்தி, உரையாடல் 30,000 டோக்கன் அளவில் இருக்கிறது என்பதை முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது.

மீதிக் கணக்கு எளிது. மாடலின் எடைகள் 16 பிட்டில் சுமார் 15 ஜிபி. ஜிபியுவில் மீதி ஒன்பதுக்கும் குறைவு, அதிலும் இடைக்கணக்குகளுக்குக் கொஞ்சம் விட வேண்டும். 30,000 டோக்கன் உரையாடல் ஒன்றுக்கு 3.66 ஜிபி. மாடல் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் கேஷ் ஒவ்வோர் உரையாடலுக்கும் தனித்தனி. என் நிரல், திறந்திருக்கும் ஒவ்வோர் உரையாடலின் கேஷையும் ஜிபியுவிலேயே வைத்திருந்தது. காலையில் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு நீண்ட ஆவணத்தை ஏற்றிவிட்டு மூடாமல் இருப்பார்கள். மதியம் மூன்றாவது ஆளும் ஓர் ஆவணத்தை ஏற்றிப் பேசும்போது, 30,000 டோக்கனைத் தொட்ட ஒருவருக்கு இடம் தீர்ந்துவிடும். `empty_cache()` ஏன் உதவவில்லை என்பதும் தெரிந்தது. யாரும் பயன்படுத்தாத இடத்தைத்தான் அது திருப்பிக் கொடுக்கும். இங்கே எல்லாமே பயன்பாட்டில் இருந்தது.

பழைய பகுதியை நடுவில் வெட்டி எறிந்தால் என்ன என்று முதலில் யோசித்தேன். அது அவ்வளவு சுலபமில்லை. டோக்கன் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதும் அதன் கீயிலேயே கலந்திருக்கிறது. மேல் லேயர்களில் உள்ள கீயும் வேல்யூவும், அதற்கு முன்னால் வந்ததையெல்லாம் பார்த்துக் கணக்கிட்டவை. முன்னால் ஒரு வரியை மாற்றினால், அதற்குப் பின்னால் உள்ள அத்தனையையும் திரும்பக் கணக்கிட்டால்தான் சரியாக வரும். டெண்டர் ஆவணத்தில் ஒரு நிபந்தனை விடுபட்டாலும் பதில் தப்பாகிவிடும் என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டேன்.

கடைசியில் என் நிரலை ஓரமாக வைத்துவிட்டு llama.cpp-யின் சர்வருக்கு மாறினேன். இரண்டு இடத்தில் அளவைக் குறைத்தேன். எடைகளை 8 பிட்டாக்கியதில் 15 ஜிபி சுமார் 8 ஆனது. கேஷையும் 8 பிட்டாக்கினேன்:

```
llama-server -m Llama-3.1-8B-Instruct-Q8_0.gguf \
  -ngl 99 -c 131072 -np 4 --flash-attn on \
  --cache-type-k q8_0 --cache-type-v q8_0
```

இதில் நான் ஒருமுறை சறுக்கினேன். `-np 4` என்பது நான்கு பேருக்கு இடம், `-c` என்பது மொத்தம் எத்தனை டோக்கனுக்கு இடம் என்பது. முதலில் `-c 32768` என்று கொடுத்துவிட்டு ஆளுக்கு 32,768 கிடைக்கும் என்று நினைத்தேன். அந்த எண்ணை நான்காகப் பங்கிட்டு ஆளுக்கு 8,192 தந்தது, பெரிய ஆவணத்தை ஏற்றவே முடியவில்லை. நான்கு பேருக்கும் சேர்த்து 131072 கொடுத்த பிறகுதான் சரியானது. 16 பிட் கேஷாக இருந்தால் இதற்கே 16 ஜிபி போயிருக்கும், 8 ஜிபி மாடலோடு சேர்த்தால் கொள்ளாது. `q8_0` முறையில் 32 எண்களுக்கு 34 பைட் என்பதால் டோக்கனுக்கு 68 கேபி. ஆரம்பிக்கும்போதே பதிவில் இப்படி வருகிறது:

```
K (q8_0): 4352.00 MiB, V (q8_0): 4352.00 MiB
```

மொத்தம் எட்டரை ஜிபி. இது முழுவதையும் தொடங்கும்போதே ஒதுக்கிவிடுவது எனக்குப் பெரிய நிம்மதி. இடம் போதாவிட்டால் காலையில் நான் ஓட்டும்போதே தெரிந்துவிடும், மதியம் இன்னொருவர் பதில் பாதியில் நிற்காது. 8 பிட் கேஷால் பதில்களின் தரம் குறைகிறதா என்று, ஏற்கெனவே விடை தெரிந்த கேள்விகளை வைத்துப் பழைய பதில்களோடு ஒப்பிட்டேன். எங்கள் வேலையில் வித்தியாசம் தெரியவில்லை. 4 பிட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் தீராதது தமிழ் ஆவணங்கள்தான். 'வணக்கம்' என்ற ஒரு சொல்லே யுடிஎஃப்-8 முறையில் 21 பைட். இந்த மாடலின் டோக்கன் பட்டியலில் ஆங்கிலச் சொற்கள் பலவும் ஒரே டோக்கனாக முழுசாக இருக்கும்போது, தமிழ்ச் சொற்கள் பல துண்டுகளாக உடைகின்றன. ஒவ்வொரு துண்டுக்கும் அதே 68 கேபி. ஆங்கிலத்தில் வசதியாக அடங்கும் ஆவணத்தின் தமிழ் வடிவம் 32,768-ஐத் தாண்டிவிடுகிறது. அதனால் இப்போது தமிழ் ஆவணம் எதை ஏற்றும் முன்பும் டோக்கன் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறேன். தாண்டினால் அன்றைக்கு `-np 2` என்று மாற்றி, ஆளுக்கு 65,536 கிடைக்கும்படி ஓட்டுகிறேன். மற்ற இரண்டு பேர் அது முடியும்வரை காத்திருக்கிறார்கள்.