64 பிள்ளைகளா, 58 பிள்ளைகளா: ஓர் ஆய்வுச் சுருக்கத்தைத் திருத்தி எழுதிய அனுபவம்

கல்வியியல் முதுமாணிக் கற்கைக்காக நான் செய்த ஆய்வின் சுருக்கத்தை ஓர் ஆய்வரங்குக்கு அனுப்பியபோது, "பேறுகள் தெளிவாகக் கூறப்படவில்லை" என்ற ஒற்றைக் குறிப்புடன் அது திரும்பி வந்தது. பட்டிருப்புக் கல்வி வலயத்திலுள்ள ஒரு பாடசாலையின் இரண்டு தரம் 7 வகுப்புகளுக்கு நானே பின்னங்கள் அலகைக் கற்பித்திருந்தேன். ஒரு வகுப்பில் குழுக் கற்றல் முறையையும், மற்றையதில் வழமையான முறையையும் கையாண்டு, இரு வகுப்புகளுக்கும் 40 புள்ளிகளுக்கான முன்சோதனையும் பின்சோதனையும் நடத்தினேன். திரும்பி வந்த சுருக்கத்தின் முக்கியமான பகுதி இதுதான்:

"தரம் 7 மாணவர்கள் 64 பேர் மாதிரியாகத் தெரிவுசெய்யப்பட்டனர். குழுக் கற்றலின் பின்னர் மாணவர்களின் இடைப்புள்ளி 53.5% ஆல் அதிகரித்தது. t = 10.95, df = 29, p = 0.000 ஆகையால், குழுக் கற்றல் மிகவும் வினைத்திறனானது என நிரூபிக்கப்பட்டது."

களுவாஞ்சிகுடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரிடம் இதனைக் கொடுத்தேன். அவர் முழுவதையும் வாசித்து முடிக்கும் முன்னரே df என்ற எழுத்துகளின் மேல் விரலை வைத்தார். "29 எண்டால் 30 பிள்ளைகள். 64 பேரில பாதி 32 அல்லவா? மற்ற ரெண்டு பிள்ளைகளும் எங்க, டீச்சர்?" என்று கேட்டார். ஒரே குழுவின் முன்சோதனையையும் பின்சோதனையையும் சோடியாக ஒப்பிடும் t சோதனையில் df என்பது சோடிகளின் எண்ணிக்கையிலிருந்து ஒன்று குறைந்தது; இரு வேறு குழுக்களை ஒப்பிடும் சோதனையில் அது மொத்த எண்ணிக்கையிலிருந்து இரண்டு குறைந்தது. ஆகவே சுருக்கத்தில் கூறிய மாதிரி அளவு உண்மையில் கணிப்புக்குள் வந்ததா என்பதை வாசகர் இந்த ஓர் எண்ணைக் கொண்டே சோதித்துவிடலாம்.

காணாமற்போன பிள்ளைகள் வருகைப் பதிவேட்டில் இருந்தார்கள். பின்சோதனை நடந்த நாளில் மழைவெள்ளம் வீதியை மூடியிருந்ததால், பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வரும் பிள்ளைகள் சிலர் வரவில்லை. குழுக் கற்றல் வகுப்பாகிய பரிசோதனைக் குழுவில் இருவரும், வழமையான முறை வகுப்பாகிய கட்டுப்பாட்டுக் குழுவில் நால்வரும் பின்சோதனை எழுதவில்லை. SPSS மென்பொருள் அவர்களைத் தானாகவே விலக்கிவிட்டுக் கணித்திருந்தது. நானோ பதிவேட்டில் இருந்த 64 என்ற எண்ணையே எழுதியிருந்தேன். தெரிவுசெய்யப்பட்டோர் 64, பகுப்பாய்வுக்கு உட்பட்டோர் 58 (30 உம் 28 உம்) என்று இரண்டையும் கூறுவதே சரியானது. 58 ஐ மட்டும் எழுதினால் ஆறு பேர் விடுபட்டதை மறைத்ததாகிவிடும்.

அடுத்தது 53.5% என்ற எண். பரிசோதனைக் குழுவின் இடை 17.20 இலிருந்து 26.40 ஆக உயர்ந்திருந்தது. அந்த 9.20 புள்ளிகளை 17.20 ஆல் வகுத்தே 53.5% என்று எழுதியிருந்தேன். கணிப்பில் பிழையில்லை. ஆனால் அதே 9.20 புள்ளிகள் மொத்தப் புள்ளியாகிய 40 இல் 23% மட்டுமே. வாசிப்பவருக்கு எதனைச் சொல்கிறேன் என்று விளங்காது. சதவீதத்தைக் கைவிட்டு, மொத்தப் புள்ளியை ஒருமுறை கூறி, இடையையும் நியம விலகலையும் அப்படியே தருவதே நல்லது. நியம விலகல் இல்லாத இடையால் பெரிய பயனில்லை. பிள்ளைகளின் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடந்தன என்பது தெரியாமல் வேறுபாடு பெரிதா சிறிதா என்று யாரும் மதிப்பிட முடியாது.

என் சுருக்கத்தின் பாரதூரமான பிழை இவை இரண்டையும் விட ஆழத்தில் இருந்தது. t = 10.95 என்பது குழுக் கற்றல் வகுப்பை அதன் முந்திய நிலையோடு ஒப்பிட்ட பேறு. பல வாரங்கள் பின்னங்கள் படித்த எந்த வகுப்பும் முன்னேறத்தான் செய்யும்; என் கட்டுப்பாட்டுக் குழுவின் இடையும் 16.80 இலிருந்து 22.10 ஆக உயர்ந்திருந்தது. என் ஆய்வு வினாவோ ஒரு முறை மற்றையதை விட நல்லதா என்பதுதான். அந்த வினாவுக்கு விடை தருவது இரு குழுக்களின் பின்சோதனை இடைகளை ஒப்பிடும் சுயாதீன மாதிரி t சோதனை. அது ஆய்வறிக்கையின் உள்ளே இருந்தது. கவர்ச்சியான பெரிய எண்ணைத் தெரிந்தெடுத்துச் சுருக்கத்தில் போட்டது நான்.

அந்தச் சோதனைக்கு SPSS தரும் அட்டவணையில் இரண்டு வரிசைகள் இருக்கும். இரு குழுக்களின் மாறற்றிறன்கள் சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனையின் Sig. பெறுமானம் 0.05 ஐ விடப் பெரிதாக இருந்ததால் "Equal variances assumed" என்ற மேல் வரிசையை எடுத்தேன். கீழ் வரிசையை எடுத்திருந்தால் df தசமத்துடன் வந்திருக்கும். சுருக்கத்தில் தசம df ஒன்றைக் கண்டால் அதனை அச்சுப் பிழையென்று திருத்திவிடக் கூடாது. p = 0.000 என்பதையும் அப்படியே படியெடுக்க முடியாது. மென்பொருள் மூன்று தசமதானங்களுக்கு மட்டந்தட்டிக் காட்டுகிறதேயன்றி நிகழ்தகவு பூச்சியமாவதில்லை. அத்தகைய இடத்தில் p < 0.001 என்றே எழுத வேண்டும். மற்ற இடங்களில், 0.05 இலும் குறைவு என்று மட்டும் கூறாமல், கிடைத்த பெறுமானத்தையே எழுதலாம்.

திருத்திய பகுதி இவ்வாறு அமைந்தது:

"ஒரு பாடசாலையின் இரண்டு தரம் 7 வகுப்புகளைச் சேர்ந்த 64 மாணவர்கள் தெரிவுசெய்யப்பட்டனர், இரு சோதனைகளையும் எழுதிய 58 பேரின் (பரிசோதனைக் குழு 30, கட்டுப்பாட்டுக் குழு 28) தரவுகள் பகுப்பாய்வு செய்யப்பட்டன. 40 புள்ளிகளுக்கான முன்சோதனையில் இரு குழுக்களின் இடைகள் முறையே 17.20 (நியம விலகல் 5.10), 16.80 (5.40) ஆக இருந்தன; இவற்றிடையே பொருண்மையான வேறுபாடு காணப்படவில்லை, t(56) = 0.29, p = 0.77. பின்சோதனையில் பரிசோதனைக் குழுவின் இடை 26.40 (6.10), கட்டுப்பாட்டுக் குழுவின் இடை 22.10 (6.80). 4.30 புள்ளி வேறுபாடு 0.05 மட்டத்தில் பொருண்மையானது, t(56) = 2.54, p = 0.014, வேறுபாட்டுக்கான 95% நம்பிக்கை ஆயிடை 0.91 முதல் 7.69 வரை. ஒவ்வொரு முறைக்கும் ஒரு வகுப்பே பயன்பட்டமையால் வகுப்புகளுக்கிடையிலான வேறு வேறுபாடுகளின் செல்வாக்கை விலக்க முடியாது."

10.95 என்ற எண் 2.54 ஆகச் சுருங்கியபோது மனம் கனத்தது உண்மை. ஆனால் நம்பிக்கை ஆயிடையைப் பார்த்தால் ஆய்வு எதைச் சொல்கிறது என்பது நேர்மையாக விளங்குகிறது: அனுகூலம் ஒரு புள்ளிக்கும் குறைவாகவும் இருக்கலாம், ஏழு புள்ளிகளுக்கு மேலாகவும் இருக்கலாம். 58 பிள்ளைகளைக் கொண்டு இதற்கு மேல் துல்லியமாகக் கூற இயலாது. "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல் அந்த வாக்கியத்தில் இருக்க இடமேயில்லை. இறுதி வசனத்தைச் சேர்க்கத் தயங்கினேன். எனினும் ஒரே பாடசாலையின் இரண்டு வகுப்புகளை வைத்துச் செய்த ஆய்வில் அதை எழுதாமல் விட்டிருந்தால் மேலேயுள்ள எல்லா எண்களும் வாசகரைத் தவறான உறுதிக்கே கொண்டுபோயிருக்கும்.

சொல் வரையறைக்குள் அடக்குவதற்காக அறிமுகத்தில் இருந்த மூன்று வசனங்களையும் மென்பொருளின் பெயரையும் நீக்கினேன். எண்கள் எதையும் நீக்கவில்லை. பிறகு ஆய்வறிக்கையைக் காட்டாமல் சுருக்கத்தை மட்டும் மீண்டும் அந்த ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் 30 ஐயும் 28 ஐயும் கூட்டி இரண்டைக் கழித்தார், 26.40 இலிருந்து 22.10 ஐக் கழித்தார், பின்னர் நியம விலகல்களைக் கொண்டு கல்குலேட்டரில் t பெறுமானத்தையே கணித்துப் பார்த்தார். 2.54 வந்தது.