டிமாண்ட் நோட்டும் கடன் அட்டவணையும் ஒத்துப்போகாதபோது

மகன் ஆஸ்திரேலியாவில் இரண்டு வருட முதுகலை படிக்கிறான். கல்விக் கடன் மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் வாங்கினோம். முதல் செமஸ்டர் பணம் சிக்கலில்லாமல் போனது. இரண்டாவது செமஸ்டருக்குக் கட்டணம் கேட்டு பல்கலைக்கழகம் அனுப்பிய டிமாண்ட் நோட் வந்ததும், வங்கி கடனை அனுமதித்துத் தந்த சாங்ஷன் லெட்டரில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டேன். தொகை இடித்தது.

வங்கியின் அட்டவணை ரூபாயில் இருக்கிறது, பல்கலைக்கழகம் டாலரில் கேட்கிறது. கடன் அனுமதித்தபோது ஒரு செமஸ்டருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர், டாலருக்கு 55 ரூபாய் என்று வைத்து 11,00,000 எழுதியிருந்தார்கள். அதில் 15 சதவீதம் நாங்கள் போடவேண்டிய மார்ஜின். மீதி 9,35,000 வங்கியுடையது. புது நோட்டிலோ கட்டணம் 20,800 டாலர், மாணவர் வசதிக் கட்டணம் தனியாக 180. வங்கி அன்று டாலர் விற்ற விலை 58 ரூபாய். இணையத்தில் தெரியும் விலை இதைவிடக் குறைவாகவே இருக்கும், அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

மொத்தத்தை மட்டும் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று தெரியாது. அதனால் பிரித்தேன். பழைய கட்டணமே இருந்திருந்தாலும் டாலர் விலையால் 60,000 ரூபாய் கூடியிருக்கும். கட்டண உயர்வால் 46,400. வசதிக் கட்டணம் 10,440, இது எங்கள் அட்டவணையில் எந்தத் தலைப்பிலும் இல்லை, கைக்காசுதான்.

பிரித்த தாளோடு கிளைக்குப் போனேன். கடன் அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். "சார், 12,06,400-ல் 85 சதவீதம் 10,25,440 வருது. ஆனா இந்தத் தலைப்புல 9,35,000-க்கு மேல நான் விடமுடியாது" என்றார். அப்புறம் அவரே வழியும் சொன்னார். வாழ்க்கைச் செலவுக்கு ஒதுக்கியதில் நாங்கள் எடுக்காத பணம் இருந்தது. அதிலிருந்து 90,440-ஐக் கட்டணத் தலைப்புக்கு மாற்றித் தரும்படி கடிதம் கொடுக்கவேண்டும். மொத்தக் கடன் வரம்பு மாறாது, ஆனாலும் அனுமதி தரவேண்டியது கடனை அனுமதித்த அலுவலகம். கிளையால் அன்றே முடிக்க முடியாது. கட்டவேண்டிய கடைசி நாளுக்கு வெகு முன்பே நோட்டை எடுத்துப் பார்த்தது இங்கேதான் கைகொடுத்தது. பணம் தாமதமானால் மகனின் பதிவே சிக்கலாகியிருக்கும்.

கடிதத்தோடு டிமாண்ட் நோட், முதல் செமஸ்டர் ரசீது, மதிப்பெண் பட்டியல் மூன்றையும் வைத்தேன். அனுமதி வந்ததும் எங்கள் பங்கு 1,91,400 ரூபாயைக் கணக்கில் போட்டு, கூடவே கொஞ்சம் விட்டுவைத்தேன், ஏனென்றால் பணம் அனுப்பும் நாளின் விலைதான் செல்லும். படிவத்தில் வெளிநாட்டு வங்கிக் கட்டணமும் அனுப்புபவருக்கே என்று குறித்தோம். இல்லாவிட்டால் இடையில் உள்ள வங்கி சில டாலர்களைப் பிடித்துக்கொள்ளும், அங்கே கட்டணம் பாக்கி என்று காட்டும்.

பணம் அனுப்பியதற்குச் சான்றாக வங்கி தந்த ஸ்விஃப்ட் நகலை மகனுக்கு அனுப்பினேன். சில நாளில் அவன் கணக்கில் பாக்கி பூஜ்யம் ஆனது. திருத்திய அட்டவணையை வங்கியிடம் எழுத்தில் வாங்கிவைத்திருக்கிறேன், மூன்றாவது செமஸ்டர் நோட்டை அதோடுதான் ஒப்பிடவேண்டும்.