பழைய வீடியோவின் தலைப்பை மாற்றிப் பார்த்த மூன்று மாதம்

என் யூடியூப் சேனலில் தையல் மெஷின் பற்றிய தொடர் ஒன்று இருக்கிறது. அதன் நான்காவது வீடியோ, துணிக்கு அடியில் நூல் சிக்குவதைச் சரிசெய்வது பற்றியது. பதினொரு நிமிடம் ஓடும், போட்டு மூன்று வருடம் ஆகிறது. நன்றாக ஓடிய காலத்தில் தேடலில் இருந்து மட்டும் மாதம் 400 பேர் வரை வந்தார்கள். அது குறைந்துகொண்டே போய், கடைசி 28 நாளில் 54 ஆகிவிட்டது. அதில் சொன்ன விஷயம் எதுவும் பழசாகவில்லை. அதனால் அதை அப்படியே விட மனம் வரவில்லை.

இதற்கு முன்பே ஒருமுறை முயன்றிருந்தேன். ஒரே மாலையில் தலைப்பு, விவரம், தம்ப்நெயில் மூன்றையும் மாற்றினேன். பத்து நாளில் பார்வை இன்னும் குறைந்தது. பயந்துபோய் எல்லாவற்றையும் திரும்ப மாற்றப் பார்த்தால், பழைய விவரத்தை எங்கும் எடுத்து வைக்கவில்லை. முந்தைய தலைப்பையோ விவரத்தையோ யூடியூப் நமக்காகச் சேமித்து வைப்பதில்லை. மூன்றில் எது கெடுத்தது என்பதும் தெரியாமல் போனது. இந்த முறை முதல் வேலையாக ஒரு கோப்பு திறந்து, தேதி, பழைய தலைப்பு, பழைய விவரம் எல்லாவற்றையும் அதில் ஒட்டி வைத்தேன்.

அடுத்து, விழுந்தது எது என்று பார்த்தேன். யூடியூப் ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸில் Advanced mode போய், Traffic source-இல் YouTube search மட்டும் எடுத்தேன். நன்றாக ஓடிய காலத்தில் 28 நாளில் தேடலில் சுமார் 7,000 முறை காட்டப்பட்டிருந்தது. இப்போது 900. ஆனால் கிளிக் விகிதம் அப்போதும் இப்போதும் 6% அளவிலேயே இருந்தது. அதாவது பார்க்கிறவர்கள் முன்பு போலவே தொடுகிறார்கள், வீடியோ அவர்கள் கண்ணில் படுவதுதான் நின்றுபோயிருக்கிறது. காட்டப்படும் எண்ணிக்கை அப்படியே இருந்து கிளிக் மட்டும் குறைந்திருந்தால் தம்ப்நெயிலில்தான் முதலில் கை வைத்திருப்பேன்.

தேடுகிறவர்களே குறைந்துவிட்டார்களோ என்ற சந்தேகமும் வந்தது. கூகுள் ட்ரெண்ட்ஸில் வலைத் தேடலுக்குப் பதிலாக யூடியூப் தேடலைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். தையல் மெஷின் தேடல் சரியவில்லை. அதே தொடரின் இரண்டாவது வீடியோவுக்கும் தேடல் வரவு மாதம் 200 சொச்சமாக நிலையாக இருந்தது. அந்த வீடியோவைத் தொடவே கூடாது என்று முடிவு செய்தேன். இரண்டும் சேர்ந்து ஏறினால் அது சீசன். இது மட்டும் ஏறினால் என் மாற்றம் என்று கொள்ளலாம்.

தேடல் சொற்களின் பட்டியலைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. என் தலைப்பு "தையல் மெஷின் பராமரிப்பு – பகுதி 4". வந்தவர்கள் அடித்திருந்ததோ "அடி நூல் சிக்கல்", "பாபின் நூல் சிக்குது", "thaiyal machine adi nool problem" போன்றவை. பராமரிப்பு என்றோ பகுதி 4 என்றோ ஒருவர்கூடத் தேடவில்லை. மெஷின் மக்கர் பண்ணும்போது, கண்ணுக்குத் தெரிகிற கோளாறைத்தான் எல்லோரும் தட்டச்சு செய்கிறார்கள். அந்தச் சொற்களை நானே தேடிப் பார்த்தேன். மேலே வந்த வீடியோக்கள் எல்லாமே கோளாறின் பெயரோடு தொடங்கின.

முதல் சுற்றில் தலைப்பை மட்டும் மாற்றினேன்: "தையல் மெஷினில் அடி நூல் சிக்குகிறதா? 2 நிமிடத்தில் சரி செய்யலாம்". 28 நாள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அத்தனை நாள் காத்திருக்கக் காரணம் உண்டு. மாதம் 54 கிளிக் வரும் வீடியோவுக்கு எந்த மாற்றமும் செய்யாமலே ஒரு மாதம் 45, இன்னொரு மாதம் 63 என்று வரலாம். ஐந்து நாள் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 28 நாள் என்றால் வாரத்தின் எல்லாக் கிழமைகளும் சம எண்ணிக்கையில் வந்துவிடும்.

1,700 முறை காட்டப்பட்டு, 7.6% கிளிக்கோடு 129 பேர் வந்திருந்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் தேடலில் இருந்து வந்தவர்களின் சராசரி பார்வை நேரம் 4:10-இல் இருந்து 1:50-க்கு இறங்கியிருந்தது. தலைப்பு இரண்டு நிமிடம் என்கிறது, வீடியோவிலோ முக்கியமான பதிலே 3:20-க்குத்தான் வருகிறது. "நூல் சிக்கலுக்குப் பதில் எங்கே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மூன்றாவது வாரத்தில் காட்டப்படும் எண்ணிக்கையும் இறங்கத் தொடங்கியது. தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதோடு, வந்தவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்தே யூடியூப் வரிசைப்படுத்துகிறது. அதனால் அந்த இறக்கத்துக்குத் தலைப்பில் சொன்ன இரண்டு நிமிட வாக்குறுதிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் சுற்றில் வீடியோவில் உண்மையில் இருப்பதையே தலைப்பாக்கினேன்: "தையல் மெஷின் அடி நூல் சிக்கல்: மேல் நூல் கோர்ப்பு, பாபின், ஊசி சரிபார்ப்பு". தலைப்புக்கு 100 எழுத்துக்குறி வரை இடம் உண்டு என்றாலும் போனில் நீளமான தலைப்பு வெட்டுப்படும். அதனால் கோளாறின் பெயரை முன்னால் வைத்தேன்.

இந்த முறை 2,600 முறை காட்டப்பட்டது, கிளிக் 4.8%. விகிதத்தை மட்டும் பார்த்தால் தோல்வி போலத் தெரியும். கணக்குப் போட்டால் 125 பேர், முந்தைய சுற்றுக்குச் சமம். இன்னும் பல தேடல்களில், கீழ் வரிசைகளிலும் காட்டப்படும்போது விகிதம் குறையத்தான் செய்யும். அதனால் காட்டப்பட்ட எண்ணிக்கையையும் கிளிக் விகிதத்தையும் பெருக்கிப் பார்க்காமல் நான் எதையும் முடிவு செய்வதில்லை. பார்வை நேரம் 4:20-க்குத் திரும்பியது. காட்டப்படுவதும் கடைசி வாரம் வரை இறங்கவில்லை.

அப்புறம்தான் விவரம். பழையதில் முதல் நான்கு வரி வணக்கமும் சமூக வலைத்தள முகவரிகளும். தேடல் முடிவில் விவரத்தின் ஒரு துண்டும் காட்டப்படும், அந்த இடத்தை இப்படி வீணாக்கியிருந்தேன். அதைக் கீழே தள்ளிவிட்டு, "துணிக்கு அடியில் நூல் கூடு போலச் சிக்கினால், பெரும்பாலும் கோளாறு பாபினில் இல்லை, மேல் நூல் கோர்ப்பில்தான்" என்று தொடங்கினேன். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்காமல் நூல் கோர்த்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்குள் நூல் சரியாக உட்காராது என்பதையும் ஒரு வரியில் எழுதினேன். அதன் கீழ் நேரக்குறிப்புகள்:

```
0:00 கோளாறு எப்படித் தெரியும்
0:45 பாபின் பெட்டியைச் சுத்தம் செய்தல்
3:20 மேல் நூலைத் திரும்பக் கோர்த்தல்
6:50 ஊசியும் நூலும் பொருந்துகிறதா
9:10 சோதனைத் தையல்
```

முதல் குறிப்பு 0:00-இல் தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடியாவது நீள வேண்டும். இல்லாவிட்டால் அத்தியாயங்களாகப் பிரியாது. டேகுகளை நான் தொடவில்லை. எழுத்துப்பிழையாகத் தேடப்படும் சொற்களைத் தவிர மற்றபடி அவற்றால் பெரிய பயன் இல்லை.

மூன்றாம் சுற்றின் முடிவில் 3,400 முறை காட்டப்பட்டு, 4.9% கிளிக்கோடு 167 பேர் வந்திருந்தார்கள். தொடாமல் விட்ட இரண்டாவது வீடியோ அதே 200 சொச்சத்தில் நின்றது. பழைய 400 திரும்பவில்லை. இந்த மூன்று வருடத்தில் இதே விஷயத்துக்குப் புதிய வீடியோக்கள் நிறைய வந்திருப்பது தேடிப் பார்த்தபோதே தெரிந்ததுதான்.

தேடல் பட்டியலில் இப்போது "மேல் நூல் அறுந்து போகுது" என்பதும் எட்டிப் பார்க்கிறது. தலைப்பில் அதையும் சேர்த்தால் காட்டப்படும் எண்ணிக்கை கூடும் என்று தோன்றுகிறது. ஆனால் நூல் அறுவதற்கு இந்த வீடியோவில் பதில் இல்லை. அதற்குத் தனியாக ஒன்று எடுக்க மெஷினைத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறேன்.